டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, டிவி ஆன் ஆகவில்லை: கெப்பாசிட்டர் மாற்றினால் சரியாகுமா, செலவு கட்டுப்படியாகுமா?

ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தியதும் டிவியின் பின்பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒன்றிரண்டு நொடியில் மறுபடி ஒரு 'டிக்'. சிவப்பு விளக்கு அணைந்து எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. ஆரம்பத்தில் நாலைந்து முறை தட்டிவிட்டுப் படம் வந்துவிடும். சில வாரங்களில் அது பத்து நிமிடமாகும், பிறகு அரை மணி நேரமாகும், ஒருநாள் ஆன் ஆகவே ஆகாது. 2006 முதல் 2010 வரை விற்பனையான எல்சிடி டிவிகளில் இது மிகப் பரவலான பழுது. அமெரிக்காவில் சாம்சங் டிவி வாங்கியவர்கள் இதே பழுதுக்காகக் கூட்டாகத் தொடர்ந்த வழக்கு 2012-இல் சமரசமாக முடிந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களை இலவசமாகச் சரிசெய்துகொடுக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தப் பழுது ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல. இதே அமைப்பில் பவர் சப்ளை உள்ள எந்த டிவியிலும், மானிட்டரிலும் வரக்கூடியது.

இந்த வழிகாட்டி 32 அங்குல எல்சிடி டிவி ஒன்றை எடுத்துக்கொண்டு, பழுதை உறுதிசெய்வது முதல் செலவுக் கணக்கு வரை சொல்கிறது. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகாதவர்கள் உள்ளே கைவைக்க வேண்டாம். ஆனால் முதல் பகுதியையும் செலவுப் பகுதியையும் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால், அவர் சொல்லும் தொகை நியாயமானதா என்று தெரியும்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது

டிவி ஓய்வில் இருக்கும்போதும் பவர் போர்டில் ஒரு சிறிய பகுதி 24 மணி நேரமும் வேலை செய்துகொண்டிருக்கும். அது 5 வோல்ட் மட்டும் கொடுக்கும். ரிமோட் சிக்னலைக் கவனிக்கும் பிராசஸர் இந்த 5 வோல்ட்டில்தான் விழித்திருக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தியதும் பிராசஸர் ஒரு ரிலேவை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, இழுக்கச் சொல்கிறது. ரிலே இழுத்தால் பெரிய சப்ளை உயிர்பெற்று 12 வோல்ட், 24 வோல்ட் போன்ற மற்ற மின்னழுத்தங்கள் வரும். நீங்கள் கேட்கும் 'டிக்' அந்த ரிலேவின் சத்தம்.

ரிலே இழுத்த கணத்தில் 5 வோல்ட் மீது சுமை கூடுகிறது. அந்தச் சுமையைத் தாங்கி மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருப்பது வெளியீட்டில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் வேலை. அவை உள்ளே காய்ந்துபோயிருந்தால் உள்தடை, அதாவது ஈஎஸ்ஆர், ஏறியிருக்கும். அப்போது 5 வோல்ட் சரிந்து பிராசஸர் ரீசெட் ஆகிறது, ரிலே விடுகிறது. சுமை போனதும் 5 வோல்ட் மீண்டு வர, பிராசஸர் மறுபடி எழுந்து ரிலேவை இழுக்கிறது. இந்தச் சுற்றுதான் 'டிக் டிக்'. ஒவ்வொரு முயற்சியிலும் கெப்பாசிட்டர் கொஞ்சம் சூடாகிறது, சூடானால் உள்தடை குறைகிறது. பழுதின் ஆரம்பத்தில் சில நிமிடம் தட்டிவிட்டு டிவி எழுந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். குளிர்ந்த காலை நேரத்தில் அதிக நேரம் எடுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை

எல்லா 'டிக்'கும் ஒன்றல்ல. திறக்கும் முன் ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள்.

ஒரு நொடிக்கோ இரண்டு நொடிக்கோ ஒருமுறை தெளிவான, உலோகத் தட்டல் கேட்டு, கூடவே சிவப்பு விளக்கும் மினுக்கினால் அது மேலே சொன்ன ரிலே. கெப்பாசிட்டர் பழுதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

காதை அருகில் வைத்தால் மட்டும் கேட்கிற மெல்லிய 'டிச் டிச்', அதுவும் சீரான வேகத்தில் வந்தால் அது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் சத்தம். வெளியீட்டில் எங்கோ ஷார்ட் இருப்பதால் சப்ளை தொடங்கித் தொடங்கி நின்றுகொள்கிறது. டயோடு ஷார்ட்டாக இருக்கலாம், மெயின் போர்டில் ஏதாவது போயிருக்கலாம். கெப்பாசிட்டரை மட்டும் மாற்றி இதைத் தீர்க்க முடிவது குறைவு.

ஒரே ஒரு 'டிக்', பிறகு பாட்டு கேட்கிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பின்விளக்குப் பகுதிதான் பழுது. அது வேறு வேலை, வேறு செலவு.

திரையில் விரிசலோ, முன்பு படம் வந்த காலத்திலேயே செங்குத்துக் கோடுகளோ இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பேனல் கெட்ட டிவிக்குப் பவர் போர்டு சரிசெய்வதில் பயனில்லை.

திறப்பதும் மின்சாரத்தை இறக்குவதும்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. திரை கீழே இருக்கும்படி மெத்தை அல்லது மடித்த போர்வை மீது டிவியைப் படுக்கவைத்து, ஸ்டாண்டையும் பின்மூடியின் ஸ்க்ரூக்களையும் எடுங்கள். நீளம் வேறுபடும் ஸ்க்ரூக்களைத் தனித்தனியாக வையுங்கள். நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் அது பேனலைக் குத்திவிடும்.

சுவர் மின்சார ஒயர் வந்து சேரும் போர்டுதான் பவர் போர்டு. அதில் பெரிய உருளையாக 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் ஒன்றோ இரண்டோ இருக்கும். 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பவர் ஃபேக்டர் திருத்தும் சுற்று உள்ள போர்டுகளில் 380 முதல் 400 வோல்ட் வரை போகும். பிளக்கைக் கழற்றிய பிறகும் இது அந்தக் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லும் அளவுக்கு.

10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் நன்றாக இன்சுலேஷன் உள்ள ஒயர் வைத்து, கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே 15 நொடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசி நிலையில் வைத்து அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதிசெய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். அந்தப் பொறி போர்டின் தடத்தையே எரித்துவிடும், கண்ணிலும் தெறிக்கும்.

கண்ணால் பார்ப்பது, மீட்டரால் உறுதிசெய்வது

டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த பக்கத்தில், அலுமினிய ஹீட்சிங்கை ஒட்டி நிற்கிற 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட், 820 அல்லது 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 2200 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் என்பவை வழக்கமான அளவுகள். தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். லேசாக உப்பியிருந்தாலும், பழுப்புப் படிவு தெரிந்தாலும், அடியில் ரப்பர் தள்ளிக்கொண்டு சாய்ந்து நின்றாலும் அது போய்விட்டது. சிலசமயம் அடியில் தெரியும் பழுப்பு நிறம் கம்பெனியில் ஒட்டிய பசையாகவும் இருக்கும். பழைய பசை கருகிப்போனால் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், அதையும் சுரண்டி எடுங்கள்.

உப்பாமலே காய்ந்துபோனவையும் உண்டு. சுவர் மின்சாரம் வந்து சேரும் முதன்மைப் பக்கத்தில், கன்ட்ரோல் ஐசிக்கு அருகில் நிற்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர் இப்படிப்பட்டது. ஐசி தொடங்குவதற்கான மின்சாரத்தைத் தாங்கிப்பிடிப்பது அதுதான். சில ரூபாய்ப் பொருள், வெளியே புதிதுபோலவே இருக்கும். உப்பியவற்றை மட்டும் மாற்றிவிட்டு டிவி எழவில்லை என்று கைவிடும் பலர் தவறவிடுவது இதைத்தான்.

அளப்பதற்குச் சாதாரண மல்டிமீட்டரின் கெப்பாசிட்டன்ஸ் நிலை போதாது. 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 900 என்று காட்டிவிட்டு, உள்தடையில் தோற்றுப்போயிருக்கும். ஈஎஸ்ஆர் காட்டும் சின்ன காம்பொனன்ட் டெஸ்டர் ஒன்று தேவை. கெப்பாசிட்டரை முழுவதும் டிஸ்சார்ஜ் செய்து, கழற்றி அளக்க வேண்டும். போர்டிலேயே அளந்தால், இணையாக நிற்கும் நல்ல கெப்பாசிட்டர் பக்கத்திலிருக்கும் கெட்டதை மறைத்துவிடும். 1000 மைக்ரோஃபாரட் அளவில் நல்லது 0.1 ஓமுக்குக் கீழே இருக்கும். 0.5 ஓமைத் தாண்டினால் தூக்கிப்போடலாம். 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் என்றால் ஒரு ஓம் அளவுவரை பரவாயில்லை, 5 ஓமைத் தாண்டினால் கெட்டது.

டெஸ்டர் இல்லாதவர்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. பிளக் கழற்றிய நிலையில், சந்தேகத்துக்குரிய கெப்பாசிட்டர்கள் மீது ஹேர் டிரையரை இரண்டு மூன்று நிமிடம் காட்டி, மூடியை வைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். முன்பு பத்து நிமிடம் தட்டிய டிவி சட்டென்று எழுந்தால் காரணம் உறுதியாகிவிட்டது.

மின்சாரம் கொடுத்து அளக்கத் தெரிந்தவர்கள், மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரில் `5VSB`, `STB5V` அல்லது `A5V` என்று எழுதிய பின்னைப் பாருங்கள். ஓய்வில் 5 முதல் 5.3 வோல்ட் இருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் அது 4 வோல்ட்டுக்கோ அதற்கும் கீழோ சரிந்து மீண்டால் மேலே விளக்கிய சுற்று கண்ணெதிரே நடக்கிறது. ஏசி நிலையில் வைத்து ரிப்பிளை, அதாவது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை, அளக்கலாம் என்று பலர் சொல்வார்கள். மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, இந்தச் சப்ளையோ பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதனால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எதை வாங்குவது

மைக்ரோஃபாரட் அளவு அதேயாக இருக்கட்டும். வோல்ட் அதே அளவோ அடுத்த அளவோ இருக்கலாம். 10 வோல்ட் இருந்த இடத்தில் 16 அல்லது 25 வோல்ட் போடுவது நல்லது, ஆனால் உயரமும் விட்டமும் இடத்துக்குப் பொருந்த வேண்டும். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி என்று அச்சிட்ட சாதாரண ரகத்தைப் போட்டால் இதே பழுதுக்குச் சீக்கிரமே மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

காரணம் வெப்பம். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று உறுதியளித்த கெப்பாசிட்டர் 85 டிகிரியில் 8000 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் டிவி ஓடினால் அது மூன்று வருடத்துக்கும் குறைவு. அதுவே 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம், அதாவது பத்து வருடத்துக்கு மேல். ஹீட்சிங்கை ஒட்டி நிற்பவை முதலில் சாவது இதனால்தான். புதியதைப் பொருத்தும்போது கால்களைச் சற்று வளைத்து ஹீட்சிங்கிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலக்கி நிறுத்த முடிந்தால் செய்யுங்கள்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ரூபிகான், நிச்சிக்கான், பானசோனிக் பெயரில் போலியும் கிடைக்கும். ஒரே அளவுள்ள பலவற்றைக் கையில் வைத்துப் பாருங்கள். எடை மிகக் குறைவாக இருந்தாலோ, மேலுறையின் எழுத்து விரலால் தேய்த்ததும் அழிந்தாலோ வேண்டாம். டெஸ்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து வாங்குவது இன்னும் நல்லது.

மாற்றும் முறை

முதலில் போர்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கெப்பாசிட்டரின் பக்கவாட்டுக் கோடு மைனஸ் கால். போர்டில் பாதி நிழலிட்ட வட்டம் பெரும்பாலும் மைனஸைக் காட்டும். ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி அச்சிடுவதில்லை, எனவே பழையது எப்படி நின்றது என்பதே சாட்சி. மாற்றிப் போட்டால் மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் அது வெடிக்கும்.

டிவி பவர் போர்டுகள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் செம்புத் தடம் உள்ளவை. சூடு அதிகமானால் தடம் உரிந்து வந்துவிடும். 40 முதல் 60 வாட் அயர்ன் போதும். பழைய ஈயத்தின் மேல் ஃப்ளக்ஸ் தொட்டு, கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கினால் எளிதில் இளகும். பிறகு பம்ப் அல்லது விக் வைத்து உறிஞ்சுங்கள். ஒரு புள்ளியில் மூன்று நொடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். இளகவில்லையென்றால் ஆறவிட்டு மறுபடி வாருங்கள். ஈயம் முழுவதும் போகும்முன் கெப்பாசிட்டரை இழுத்தால் தடமும் கூடவே வரும். அப்படி வந்துவிட்டால் அடுத்த இணைப்புப் புள்ளிவரை மெல்லிய ஒயர் ஒன்றைச் சால்டர் செய்து சேர்க்கலாம்.

ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்திலேயே புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றினால் எது எங்கே என்ற குழப்பம் வரும். கழற்றியவற்றை அளந்து குறித்துவையுங்கள். நல்ல அளவு காட்டினாலும் அதே வரிசையில் நின்ற பழையதைத் திரும்பப் போடாதீர்கள், அதுவும் அதே வயதுதான்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்த சீரீஸ் லேம்ப் வழியாகக் கொடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே கழற்றுங்கள். ஓய்வு நிலை 5 வோல்ட் நிலையாக இருந்தால் சீரீஸ் லேம்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்து ஆன் செய்யுங்கள். சீரீஸ் லேம்ப் இருக்கும்போதே முழுதாக ஆன் செய்தால் மின்னழுத்தம் போதாமல் மறுபடி தட்டத் தொடங்கும், அதைப் பழுதென்று எண்ணிவிடக்கூடாது.

மாற்றியும் தட்டுகிறதா

பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு முறையும் பிளக்கை எடுத்து, பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் `PS_ON` என்ற பின்னை 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு சேர்த்தால் ரிலே இழுத்து எல்லா மின்னழுத்தமும் வரும். 12 வோல்ட் வெளியீட்டில் பைக்கின் 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றைச் சுமையாகக் கொடுத்து அளக்கலாம். ரிலே விடாமல் நின்று, 12 வோல்ட்டும் நிலையாக இருந்தால் பவர் போர்டு நலம், பழுது மெயின் போர்டில். அங்கே மெமரி ஐசியிலுள்ள தகவல் கெட்டாலும் பிராசஸர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகி இதே போலத் தட்டும்.

மெயின் போர்டைக் குறை சொல்லும் முன் இன்னொன்று. அதிலிருந்து பேனலுக்குப் போகும் அகலமான கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதையெல்லாம் சேர்த்து ஆன் செய்யுங்கள். தட்டல் நின்று விளக்கு நிலைத்தால், ஷார்ட், பேனலை இயக்கும் டீ-கான் போர்டிலோ பேனலிலோ இருக்கிறது. பேனலில் என்றால் செலவழிக்காதீர்கள்.

செலவுக் கணக்கு

32 அங்குல டிவியில் ஐந்து கெப்பாசிட்டரும் தொடக்க இடத்திலுள்ள சின்னதும் சேர்த்து ஆறு. நல்ல ரகமாக ஒன்று சராசரியாக 30 ரூபாய் என்று வைத்தாலும் பொருளுக்கு 180 ரூபாய். கருவிகள் ஏற்கெனவே இருந்தால் இந்தப் பழுதுக்கு யோசிக்கவே தேவையில்லை, சரிசெய்யுங்கள். மெக்கானிக் கூலியோடு 600 முதல் 1000 ரூபாய் கேட்டால் அது நியாயம். 2000 கேட்டால், எந்த மின்னழுத்தம் எவ்வளவு இருந்தது, எதை மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். உண்மையாக அளந்து பார்த்தவர் தயங்காமல் சொல்வார்.

'கெப்பாசிட்டரெல்லாம் நிற்காது, போர்டையே மாற்றணும்' என்று சொன்னால் கவனம். சந்தையில் கிடைக்கும் பழைய போர்டில் இருப்பதும் அதே வயது கெப்பாசிட்டர்கள்தான். தடம் கருகியோ மாஸ்ஃபெட் வெடித்தோ இருந்தால் போர்டு மாற்றுவது சரி. அப்போதும் போர்டின் ஸ்டிக்கரிலுள்ள எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பொருத்தும் முன் அதிலும் கெப்பாசிட்டர்களை மாற்றிவிட வேண்டும்.

பழைய எல்சிடி டிவிக்கு இன்னொரு செலவு மறைந்திருக்கிறது. குழல் விளக்குப் பின்னொளி உள்ள 32 அங்குலம் சுமார் 130 வாட் எடுக்கும், இன்றைய எல்இடி 50 வாட்டில் முடிக்கும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 0.4 யூனிட், வருடத்துக்கு 146 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் 876 ரூபாய். ஆகவே கூடத்தில் நாள் முழுக்க ஓடும் டிவிக்கு 1000 ரூபாய்க்கு மேல் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தைப் புதியதில் போடலாம். படுக்கையறையில் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு, படம் தெளிவாக வந்துகொண்டிருந்த டிவி என்றால், 1000 ரூபாய் வரை தாராளமாகச் செலவிடலாம். மெயின் போர்டும் சேர்ந்து போயிருந்தால், பவர் போர்டை மட்டும் உதிரிக்கு எடுத்துக்கொண்டு மீதியை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். குழல் பின்விளக்குகளில் பாதரசம் இருப்பதால் பேனலை உடைத்துக் குப்பையில் போடக்கூடாது.